பாவாடை மாற்றிய படம் 10க்கு 8 பேனருக்குப் போகும் முன்

கேள்வி: மகளின் காதணி விழாவுக்கு 10க்கு 8 அடியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். போனில் ஃபிராக்கோடு எடுத்த படத்தில், நெட்டில் கிடைத்த நீலப் பட்டுப்பாவாடை சட்டையை ஃபோட்டோஷாப்பில் பொருத்தியிருக்கிறேன். ஸ்கிரீனில் நன்றாக இருக்கிறது. கடைக்காரர் ரெசல்யூஷன் பத்தாது, சிஎம்ஒய்கே-வில் கொடுங்கள் என்கிறார். 300 என்று மாற்றிக் கொடுத்தும் அதையே சொல்கிறார். என்ன செய்ய வேண்டும்?

பதில்:

கடைக்காரர் சொன்ன குறை உண்மைதான். ஆனால் 300 அதற்கு மருந்தல்ல. Image > Image Size பெட்டியில் Resample என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் 72-ஐ 300 ஆக்கினால், படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடாது. "ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அடி" என்ற குறிப்பு மட்டும் ஃபைலில் மாறும், அதற்கேற்ப அங்குல அளவு சுருங்கிவிடும். டிக் போட்டு மாற்றினால் பிக்சல் கூடும். ஆனால் அவை பக்கத்து பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் நிரப்பியவை. படத்தில் இல்லாத ஜரிகை இழை அதில் வந்துவிடாது.

அப்படியே 300-ல் செய்தாலும் 10 அடி அகலத்துக்கு 36,000 பிக்சல் வரும். பி.எஸ்.டி. ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. 300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் பத்திரிகைக்கும் அழைப்பிதழுக்கும் உரிய கணக்கு. பேனருக்கு உரிய கணக்கு, அதை எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான இடைவெளியைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காது. அதை அடிக்கணக்கில் சுருக்கினால் இப்படி ஆகும்:

```
அங்குலத்துக்கு வேண்டிய பிக்சல் = 286 ÷ பார்க்கும் தூரம் (அடியில்)
```

20 அடி தள்ளி நின்று பார்த்தால் 14 பிக்சல் போதும். 10 அடியில் 29 வேண்டும். 6 அடியில் 48. மண்டப வாசலில் உயரத்தில் கட்டும் பேனருக்கும் மேடைக்குப் பின்னால் கட்டும் பேனருக்கும் இந்த இடத்தில்தான் வித்தியாசம். மேடைப் பேனருக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதை 5, 6 அடியிலிருந்தே பார்ப்பார்கள்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். உடை மாற்றிய படத்தின் சிக்கலே, அது ஒரே படம் இல்லை என்பதுதான். முகம் ஒரு கேமராவிலிருந்து வந்தது, உடை எங்கிருந்தோ வந்தது, இரண்டுக்கும் பிக்சல் கையிருப்பு வேறு வேறு. முழுப் படத்துக்கும் சேர்த்து ஃபோட்டோஷாப் ஒரே ரெசல்யூஷனைக் காட்டுவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 12 மெகாபிக்சல் போனில் நிறுத்துவாக்கில் எடுத்த படம் ஏறக்குறைய 3000க்கு 4000 பிக்சல் இருக்கும். அதில் குழந்தை முக்கால் உயரம் நிற்கிறாள் என்றால் தலை முதல் கால் வரை 3000 பிக்சல். பேனரில் அவளை 6 அடி உயரத்துக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு நிறுத்தினால் அங்குலத்துக்கு 42 பிக்சல் கிடைக்கும். 7 அடி தள்ளி நின்று பார்த்தால் குறையே தெரியாது.

உடை அப்படியில்லை. நெட்டில் விற்பனைக்குக் காட்டும் படங்கள் பெரும்பாலும் 1000 பிக்சல் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். அதில் கழுத்து முதல் பாவாடை விளிம்பு வரை 800 பிக்சல் என்று வையுங்கள். பேனரில் அந்தப் பகுதி நாலரை அடி, 54 அங்குலம். அங்குலத்துக்கு 15 பிக்சல்தான். பேனரில் ஒவ்வொரு பிக்சலும் 1.7 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியும். 20 அடிக்குத் தப்பிக்கும், 10 அடியில் மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், கூர்மையான முகத்துக்குக் கீழே மங்கலான துணி உட்கார்ந்திருக்கும். படம் முழுவதும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் கண் மன்னித்துவிடும். ஒன்று கூர்மை, ஒன்று மங்கல் என்றால் ஒட்டுப்போட்ட படம் என்று யாருக்கும் சட்டென்று தெரிந்துவிடும்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 120க்கு 96 அங்குலம், 72 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று புதிய ஃபைல் திறங்கள்; 8640க்கு 6912 பிக்சல் வரும். குழந்தையின் அசல் படத்தையும் உடையின் அசல் படத்தையும் File > Place Embedded வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். இப்படி வந்தவை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருக்கும். எத்தனை முறை பெரிதாக்கிச் சிறிதாக்கினாலும் அசல் பிக்சல் கெடாது. இரண்டையும் வேண்டிய அளவுக்கு இழுத்த பிறகு Ctrl+T அழுத்தி மேலே உள்ள W என்ற கட்டத்தைப் பாருங்கள். அசல் ஃபைல்கள் இரண்டும் 72 பிபிஐ என்றிருந்தால், மேலே போட்ட கணக்கில் குழந்தைக்கு 173% என்று காட்டும், உடைக்கு 486% என்று காட்டும். இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் படத்தின் உண்மையான ரெசல்யூஷன். 200% வரை தயங்காமல் போகலாம், 300% வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து மடங்கு என்றால் உடைப் படத்தையே மாற்ற வேண்டும் என்பேன்.

மாற்றுவது என்றால் எங்கே போவது? வீட்டில் இருக்கும் பட்டுப்பாவாடையை, இல்லையென்றால் உறவில் ஒரு பிள்ளையின் பாவாடையைக் கேட்டு வாங்கி, அதே போனில் படம் எடுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஹேங்கரில் மாட்டி, வெயில் நேராக விழாத நிழலில், குழந்தையின் படத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதோ அதே பக்கத்திலிருந்து வரும்படி நிறுத்துங்கள். அவளை எடுத்த அதே உயரத்தில் போனைப் பிடியுங்கள். ஃப்ரேம் நிறையும்படி எடுத்தால் உடைக்கு மட்டுமே 3500 பிக்சல் கிடைக்கும்; 54 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 65 வருகிறது. முகத்தைவிடத் துணி கூர்மையாகிவிடும், அதைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொள்ளலாம். கூடியதைக் குறைப்பது எளிது.

அதற்கு வழியே இல்லை, நெட்டில் எடுத்த உடைதான் என்றால், குறைந்தபட்சம் அதே உடையின் பெரிய படம் அந்த விற்பனைத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உருப்பெருக்கிக் காட்டும் வசதி உள்ள தளங்களில் 2000 பிக்சலுக்கு மேல் உள்ள படமும் பல நேரம் இருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் குழந்தையை பேனரில் 6 அடிக்குப் பதிலாக 4 அடிக்கு நிறுத்துங்கள். பெயரும் பூ அலங்காரமும் மீதி இடத்தை எடுத்துக்கொள்ளும், துணி அங்குலத்துக்கு 22 பிக்சலுக்கு ஏறிவிடும்.

பெரிதாக்குவதை ஒரே தடவையில் முடியுங்கள். இரண்டு மடங்கு, அப்புறம் இன்னொரு இரண்டு மடங்கு என்று போனால் ஒவ்வொரு தடவையும் விளிம்பு குழையும். உடைப் படத்தைத் தனியாகத் திறந்து, Image Size பெட்டியில் Preserve Details 2.0 என்ற முறையைத் தேர்ந்து வேண்டிய அளவுக்கு ஒரே வீச்சில் ஏற்றுங்கள். நெட் படம் என்றால் அதில் ஜேபெக் சதுரங்கள் இருக்கும், அவையும் சேர்ந்து பெரிதாகும். அதனால் பெரிதாக்கும் முன்பே Filter > Noise > Reduce Noise போய் Remove JPEG Artifact டிக் போட்டுவிடுங்கள். ஷார்ப்பன் செய்வதைக் கடைசி அளவு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அளவில் ஷார்ப்பன் செய்த படத்தைப் பெரிதாக்கினால் ஜரிகை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு பிடிக்கும்.

வெள்ளைக் கோடு என்றதும் வெட்டு விளிம்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பேனரில் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். வெள்ளைப் பின்னணியில் இருந்த உடையை வெட்டும்போது ஓரத்தில் ஒரு பிக்சல் அகலத்துக்கு வெள்ளை ஒட்டிக்கொண்டே வரும். ஸ்கிரீனில் அது தெரியவே தெரியாது. ஐந்து மடங்கு ஏற்றிய பிறகு அது கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் வெள்ளைக் கீற்றாகப் பாவாடையைச் சுற்றி ஓடும். Select and Mask பெட்டியில் Shift Edge அளவைக் கழித்தல் பக்கம் நகர்த்தி விளிம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். பிறகும் மிச்சம் இருந்தால் அந்த லேயரின் ஒரு நகலை ரேஸ்டராக்கி Layer > Matting > Defringe கொடுங்கள். சட்டைக் கழுத்து தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல் இருக்க வேண்டும், சட்டைக் கை தோளில் முடியும் இடத்திலும் அப்படியே. அந்த நிழலைக் கறுப்பில் வரையாதீர்கள்; தோலின் நிறத்தையே எடுத்து இருட்டாக்கி, Multiply லேயரில் மென்மையான பிரஷ்ஷால் வரையுங்கள். கறுப்பில் வரைந்தால் அச்சில் அழுக்குப் போலத் தெரியும்.

முகத்தையும் துணியையும் ஒரே கேமரா எடுத்தது போல ஆக்குவதற்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போன் படத்தில் இயல்பாகவே கொஞ்சம் பொடிப்பு இருக்கும், பெரிதாக்கிய துணியில் அது இருக்காது, வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி நிற்கும். துணி லேயருக்கு மட்டும் Filter > Noise > Add Noise, அளவு 2 அல்லது 3 சதவீதம், Gaussian, Monochromatic என்று கொடுத்தால் இரண்டும் இணைந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் உண்மை அளவில் பார்க்க வேண்டும். முழுப் பேனரையும் ஸ்கிரீனில் அடக்கிப் பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை, அதில் எந்தப் படமும் அழகாகத்தான் இருக்கும். 24 அங்குல சாதாரண மானிட்டரில் 72 பிபிஐ ஃபைலை 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ஏறக்குறைய பேனரில் வரப்போகும் அளவு கிடைக்கும். கழுத்துப் பகுதியை அப்படி வைத்துவிட்டு எழுந்து 6 அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். இன்னும் உறுதி வேண்டும் என்றால், முகமும் சட்டைக் கழுத்தும் சேரும் இடத்தில் 8க்கு 11 அங்குலத் துண்டை, அதாவது 576க்கு 792 பிக்சலை வெட்டி, அளவு மாற்றாமல் ஏ4 தாளில் அடித்துச் சுவரில் ஒட்டுங்கள். அதில் ஒட்டு தெரிந்தால் பேனரிலும் தெரியும்.

சரி, நிறத்துக்கு வருவோம். உங்கள் பாவாடை நீலம் என்கிறீர்கள். ஃப்ளெக்ஸில் அதிகம் ஏமாற்றும் நிறம் அதுதான்.

மானிட்டர் ஒளியால் நீலம் காட்டுகிறது. மெஷினில் நீல மை கிடையாது; சியானையும் மெஜந்தாவையும் கலந்துதான் நீலம் வர வேண்டும். ஸ்கிரீனில் இருக்கும் கனமான அசல் நீலத்தை ஃபோட்டோஷாப் தன் வழக்கமான அமைப்பில் சிஎம்ஒய்கே-வாக, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையின் கணக்காக மாற்றினால் சியான் 88, மெஜந்தா 77 என்று வரும். மெஜந்தா இவ்வளவு ஏறியதும் அது அச்சில் கத்திரிப்பூ நிறமாகிவிடும். கடைக்காரர் மேல் தப்பில்லை, அந்தக் கலவைக்கு அந்த நிறம்தான் வரும். நீலம் நீலமாகவே வர வேண்டுமென்றால் மெஜந்தா சியானைவிட முப்பதாவது குறைந்திருக்க வேண்டும். சியான் 100, மெஜந்தா 60 அல்லது 65 என்று வைத்தால் ராமர் நீலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஸ்கிரீனில் கண்ட பளபளப்பு வராது. அது நான்கு மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. கிளிப்பச்சைக்கும் இதே கதிதான், மங்கிப்போகும். ராணி பிங்க் கரை பரவாயில்லை, மெஜந்தா மை அதற்குக் கைகொடுக்கும்.

இந்தத் திருத்தத்தைத் துணி லேயருக்கு மட்டும் செய்யுங்கள். Selective Color அட்ஜஸ்ட்மெண்ட் லேயரைத் துணிக்கு மேல் வைத்து, Alt அழுத்தி இரண்டுக்கும் நடுவில் கிளிக் செய்து பிணைத்துவிட்டு, Blues எடுத்து Magenta-வைக் குறையுங்கள். முழுப் படத்துக்கும் பொதுவாக மெஜந்தாவைக் குறைத்தால் முகம் பச்சை பாய்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். நம் தோல் நிறத்தில் மஞ்சள் மெஜந்தாவைவிடச் சற்றுக் கூடுதலாகவும், சியான் மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ இருப்பது பாதுகாப்பு. Info பேனலில் கன்னத்தின் மேல் கர்சரை வைத்தால் எண்கள் தெரியும்.

ஜரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. தங்க மை இல்லாததால், தங்கம் என்று கண்ணை நம்பவைப்பது வெளிர் மஞ்சள் மினுக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் அடர் பழுப்பும்தான். பெரிதாக்கும்போது இந்த இரண்டும் கலந்து ஒரே மஞ்சளாகிவிடுகின்றன. கரைப் பகுதிக்கு மட்டும் Curves போட்டு வெளிச்சத்தையும் இருட்டையும் மறுபடி பிரித்து வைத்தால் ஜரிகை உயிர்பெறும். வெறும் மஞ்சளைக் கூட்டினால் மஞ்சள் பெயிண்ட்தான் கிடைக்கும்.

இனி ப்ரொஃபைல். ஒரு பிக்சலில் இருக்கும் எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அகராதி அது. ஐபோனில் எடுத்த படம் Display P3 ப்ரொஃபைலோடு வரும். நெட் படம் பெரும்பாலும் sRGB, சில நேரம் ப்ரொஃபைலே இல்லாமல் வரும். பொருத்துவதற்கு முன் இரண்டையும் sRGB-க்குக் கொண்டுவாருங்கள். ப்ரொஃபைல் இருக்கும் படத்துக்கு Edit > Convert to Profile. எண்கள் மாறும், நிறம் கூடுமானவரை அப்படியே இருக்கும். ப்ரொஃபைலே இல்லாத படத்துக்கு மட்டும் Edit > Assign Profile. எண்கள் அப்படியே இருக்க, படிக்கும் அகராதி மட்டும் மாறும். இரண்டையும் இடம் மாற்றிச் செய்தால் தோல் சிவந்தோ வெளிறியோ போவது உடனே தெரியும். Adobe RGB இந்த வேலைக்கு வேண்டாம். ப்ரொஃபைலைக் கவனிக்காமல் ஃபைலைத் திறக்கும் கணினியில் அது மங்கலாகத்தான் தெரியும்.

சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றுவதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான U.S. Web Coated (SWOP) v2 என்பது அமெரிக்க ஆஃப்செட் அச்சில் வழவழப்பான தாளுக்கு என்று செய்த ப்ரொஃபைல். உங்கள் பேனர் பி.வி.சி. துணியில் சால்வென்ட் மையில் அடிக்கப்படுவது. மெஷினை ஓட்டும் ரிப் மென்பொருள் எப்படியும் தன் மைக்கும் துணிக்கும் ஏற்ப நிறத்தை மறுபடி மாற்றும். நாம் முதலில் ஒரு தடவை சுருக்கி, அது இன்னொரு தடவை சுருக்கினால் இழப்பு இரண்டு மடங்கு. அதனால் கடைக்காரரிடம் கேளுங்கள்: "அண்ணே, உங்க மெஷினுக்கு ப்ரொஃபைல் ஃபைல் இருந்தா தர்றீங்களா? இல்லேன்னா ஆர்ஜிபி-யா குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

ப்ரொஃபைல் தந்தால் View > Proof Setup > Custom போய் அதைத் தேர்ந்து, Ctrl+Y அழுத்திப் பாருங்கள். மாற்றாமலே அச்சு நிறம் ஏறக்குறைய எப்படி வரும் என்று தெரியும். ஆர்ஜிபி வாங்குவார் என்றால் sRGB-யாகவே கொடுங்கள். இரண்டும் இல்லை, சிஎம்ஒய்கே-தான் வேண்டும் என்றால், கடைக் கணினியில் Edit > Color Settings பெட்டியில் CMYK என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டு, அதற்கே நீங்கள் மாற்றிக் கொடுங்கள். நீலத் திருத்தத்தை உங்கள் கண் முன்னால் செய்ய முடிகிறதே, அதுவே இதில் லாபம். லேயர் உள்ள ஆர்ஜிபி ஃபைலை மட்டும் தனியாகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிஎம்ஒய்கே-விலிருந்து திரும்பி வந்தால் போன நிறம் வராது.

எந்த வழியில் போனாலும், முகமும் பாவாடையும் ஜரிகைக் கரையும் வரும்படி 1க்கு 2 அடித் துண்டு ஒன்றை முதலில் அடித்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் காசு, 80 சதுர அடிக்கு நடுவில் 2 சதுர அடி பெரிய செலவில்லை. அதே துணியில், அதே மெஷினில் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்டார் ஃப்ளெக்ஸில் அடித்துப் பார்த்துவிட்டுச் சாதா ஃப்ளெக்ஸில் பேனர் அடித்தால் நிறம் மாறும். மை காய்ந்த பிறகு கடை டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையில் "720-ல அடிச்சுத் தர்றோம்" என்று சொன்னால், அது மெஷின் தெளிக்கும் மைப்புள்ளிகளின் கணக்கு, உங்கள் பிக்சல் கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொடுக்கும் ஃபைலுக்கு: நகல் எடுத்து Layer > Flatten Image செய்து, டிஃப் ஃபைலாக எல்.ஜெட்.டபிள்யூ சுருக்கத்தோடு சேமியுங்கள். ஜேபெக்தான் கேட்கிறார் என்றால் Quality 12. சேமிக்கும் பெட்டியில் ICC Profile டிக் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பிக்சல் வெகுவாகச் சுருங்கிவிடும், இத்தனை வேலையும் வீண். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். ரீப்பர் சட்டத்தில் மடித்து அடிப்பதற்கும் ஓட்டை போடுவதற்கும் நாலு பக்கமும் 4 அங்குலம் போகும். பாவாடையின் கரை அந்த இடத்தில் வந்துவிடாமல் பாருங்கள், அங்கே பின்னணி மட்டும் இருக்கட்டும். 10க்கு 8 அடி துணி பெரும்பாலும் ஒரே துண்டாகவே ஓடிவிடும். கடையில் சின்ன மெஷின் என்றால் ஜாயிண்ட் எங்கே விழும் என்று கேட்டு, குழந்தையை அந்தக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். சட்டத்தின் அளவையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். அது 10க்கு 7 என்றிருந்தால் கடையில் படத்தை அமுக்கி அடித்துவிடுவார்கள், பிள்ளை குட்டையாகத் தெரிவாள். அப்படி என்றால் ஃபைலையே 8640க்கு 6048 என்று மாற்றி, படத்தை நீங்களே அதற்குள் அமைத்துக் கொடுங்கள்.